மை விழாத கட்டங்கள்

240 பேர் வேலை பார்க்கும் ஒரு மருத்துவமனை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுப்பதற்கான கொள்கையைத் திருத்தி, ‘படித்துத் தெரிந்துகொண்டேன்’ என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறார்கள். தாளுக்கு 20 பெயர் வீதம் 12 தாள்கள் ஸ்கேன் ஆகி வந்துவிட்டன. யார் போடவில்லை?

கையெழுத்தைக் கணினி வாசிக்க வேண்டியதே இல்லை. ஊழியர் எண்ணும் பெயரும் ஏற்கெனவே அச்சில் இருப்பதால், பக்கத்துக் கட்டத்தில் மை விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். கோணலாக ஸ்கேன் ஆன தாளை நிரல் முதலில் நேராக்கும். பிறகு கோடுகள் சேராதபடி சற்று உள்தள்ளி ஒவ்வொரு கட்டத்தையும் வெட்டி, கறுப்புப் புள்ளிகளை எண்ணும். அங்குலத்துக்கு 300 புள்ளி அடர்த்தியில், 5 செ.மீ. நீளமும் 1 செ.மீ. உயரமும் உள்ள கட்டத்தில் ஏறக்குறைய 70,000 புள்ளிகள் இருக்கும்.

எது கறுப்பு, எது வெள்ளை? பலரும் சறுக்கும் இடம் இது. இரண்டையும் பிரிக்கும் எல்லையைக் கட்டத்துக்குக் கட்டம் தனியாகக் கணக்கிட்டால், வெற்றுக் கட்டத்தில்கூடத் தாளின் லேசான அழுக்கு ‘கறுப்பு’ ஆகிவிடும். கையெழுத்தே இல்லாதவர் போட்டவராகிவிடுவார். முழுப் பக்கத்துக்கும் ஒரே எல்லை வைப்பது நல்லது.

நம் மருத்துவமனையில் 206 கட்டங்களில் மை தெளிவாகத் தெரிகிறது, 23 சுத்தமாகக் காலி. இடைப்பட்ட 11 கட்டங்களைக் கணினியின் முடிவுக்கு விடாமல் ஓர் ஆள் பார்ப்பதே நியாயம். பார்த்தால், நான்கில் மை தீர்ந்த பேனாவின் மங்கலான கையெழுத்து. ஐந்தில் இருப்பது மேல்வரிசைக்காரர் இழுத்துவிட்ட வால். இரண்டில் யாரோ சின்னதாக ‘லீவ்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆக, போட்டவர்கள் 210, போடாதவர்கள் 30. அதே ‘லீவ்’ பெரிதாக எழுதப்பட்டிருந்தால் 206க்குள் ஒளிந்திருக்கும் என்பதால், அவற்றையும் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும்.

இனி துறைவாரிப் பட்டியல். இதற்கு அடிப்படை கையெழுத்துத் தாள் அல்ல, இந்த மாதச் சம்பளப் பட்டியல். தாள் அச்சான பிறகு சேர்ந்தவரின் பெயர் தாளிலேயே இருக்காது. ஆய்வகத்திலிருந்து மருந்தகத்துக்கு மாறியவரின் துறை பழையதாக இருக்கும். `Staff` தாளில் சம்பளப் பட்டியலும் `Signed` தாளில் கையெழுத்திட்டோரின் எண்களும் இருந்தால், எக்செலில் இது போதும்:

```
=ISNA(MATCH(A2,Signed!A:A,0))
```

TRUE வந்தவர்களை மட்டும் வடிகட்டி, துறைப்படி அடுக்கினால் பட்டியல் தயார்.

ஏதாவது ஒரு துறையில் அத்தனை பேருமே போடாதவர்களாக வந்தால், அந்தத் துறைத்தலைவருக்கு நோட்டீஸ் அனுப்ப அவசரப்பட வேண்டாம். அந்தத் துறையின் தாள் ஸ்கேனுக்கே வராமல் இருந்திருக்கலாம். இல்லையென்றால் 0047 என்ற ஊழியர் எண், ஒரு பட்டியலில் எழுத்தாகவும் இன்னொன்றில் வெறும் 47 ஆகவும் பதிவாகியிருக்கும். இந்தச் சூத்திரத்துக்கு அவை இரண்டும் வேறு வேறு ஆட்கள்.