கல்யாண வீட்டில் இருபது நிமிடம்

பிளஸ் டூ பொதுத்தேர்வு மார்ச்சில். அதற்கு முன் தை வந்துவிடுகிறது: நான்கு நாள் பொங்கல், அடுத்து முகூர்த்தங்கள். படிப்பு அட்டவணை இங்கேதான் சாகிறது. குற்றவாளி பண்டிகை அல்ல. அந்த நாள்களுக்கும் வழக்கம்போல மூன்று மணி நேரம் என்று எழுதி வைத்ததுதான்.

படித்தது முதல் சில மணி நேரத்திலேயே வேகமாக மறக்கிறது, பிறகு மறதி மெதுவாகிறது என்று ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் எழுதினார். ஆகவே ஊருக்குப் புறப்படும் முன்தினம் புதுப் பாடத்தைத் தொடங்குவது வீண். அன்று பழையதைத் திருப்பிப் பாருங்கள்.

அக்கா கல்யாணம் என்று வையுங்கள். வியாழன் பயணம், வெள்ளி பெண் அழைப்பு, சனி முகூர்த்தம், ஞாயிறு திரும்பல். நான்கு நாளிலும் காலை காபிக்கு முன் இருபது நிமிடம். புத்தகம் வேண்டாம், வேதியியல் சமன்பாடுகளை வெற்றுத்தாளில் நினைவிலிருந்து எழுதி, விடைத்தாளோடு ஒப்பிட்டால் போதும். மீதி நேரத்துக்கு அட்டவணையில் முன்பே 'விடுமுறை' என்று எழுதிவிடுங்கள். எழுதிய விடுமுறை கடனாகாது.

மண்டபத்தில் புத்தகத்தை விரித்து, ஒரே பத்தியை மூன்றாம் முறை படிக்கிறீர்களா? மூடிவிட்டுப் பந்திக்குப் போங்கள்.

திங்களன்று ஆறு மணி நேரம் உட்கார்ந்து ஈடுகட்ட முயலாதீர்கள், செவ்வாயும் கெடும். விட்ட பாடங்களை அடுத்த இரண்டு ஞாயிறுகளுக்குத் தள்ளுங்கள். அந்த ஞாயிறுகளை முதலிலேயே காலியாக விட்டிருக்க வேண்டும். தேர்வுக்குப் பத்தே நாள் என்றால் இந்தக் கணக்கு செல்லாது. முகூர்த்தத்துக்கு மட்டும் போய்த் திரும்புங்கள். அத்தை கோபித்தால் அம்மா பார்த்துக்கொள்வார்.