சுழலும் தண்ணீரின் குழி

வில்லாபுரம் ஹவுசிங் போர்டு பக்கத்து டீக்கடையில் என்னோடு உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுப் பையன் பிளஸ் டூ படிக்கிறான். ஸ்பூனால் டீயைக் கலக்கிவிட்டு, நடுவில் விழுந்த குழியைக் காட்டி, “மாமா, புக்குல போட்டிருக்கிற பரவளையம் இதுதானே?” என்று கேட்டான்.

இது அதுக்குச் சொந்தம்தான்ப்பா, ஆனால் அதுவே இல்லை என்றேன். ஸ்பூனால் கலக்கும்போது கிளாஸ் சும்மா நிற்கிறது. நடுவில் இருக்கும் டீ வேகமாகச் சுற்றுகிறது; கண்ணாடிச் சுவரை ஒட்டிய டீயைச் சுவர் பிடித்து நிறுத்துகிறது. அதனால் குழி நடுப்பக்கம் செங்குத்தாக இறங்கி, ஓரம் போகப்போகத் தட்டையாகிவிடும். பாத்திரமே சுற்றி, உள்ளே இருக்கும் தண்ணீர் முழுவதும் அதோடு ஒரே கட்டியாகச் சுற்றினால் நேர் எதிர். நடுவில்தான் தட்டை, சுவரருகேதான் செங்குத்து. எங்கே அதிகம் சாய்ந்திருக்கிறது என்று பார்த்தாலே எது எது என்று தெரிந்துவிடும்.

ஏன் அப்படி? 20 சென்டிமீட்டர் அகலமுள்ள நேர்ச்சுவர்ப் பாத்திரத்தில் 10 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் ஊற்றி, மோட்டார் வைத்த குயவர் சக்கரத்தின் நட்டநடுவில் வைத்து, நொடிக்கு ஒரு சுற்று விடுவதாக வைத்துக்கொள்வோம். ஓடவிட்ட உடனே ஒன்றும் தெரியாது. பாத்திரம்தான் சுற்றும், தண்ணீர் கிடந்தபடி கிடக்கும். சுவரும் அடிப்பாகமும் கொஞ்சம் கொஞ்சமாக அதை இழுத்துக்கொண்டு போக ஓரிரு நிமிடம் ஆகும். இந்தப் பொறுமை இல்லாமல்தான் வீட்டில் செய்து பார்க்கிற பலருக்கும் அளவு தப்பாக வருகிறது.

வட்டத்தில் ஓடும் ஒவ்வொரு துளியையும் மையத்தை நோக்கி ஏதோ ஒன்று தள்ளியாக வேண்டும். இல்லாவிட்டால் அது நேராகப் போய்விடும். தண்ணீருக்குள் அப்படித் தள்ளக்கூடியது அழுத்த வேறுபாடு மட்டும்தான். வெளிப்பக்கத் தண்ணீர் உயரமாக நின்றால் அங்கே அழுத்தம் கூடும், உள்ளே தள்ளும். எவ்வளவு தள்ள வேண்டுமோ அவ்வளவு சாய்வு. சுவரில், அதாவது மையத்திலிருந்து 10 சென்டிமீட்டரில், தேவைப்படும் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தில் ஏறக்குறைய 0.4 பங்கு. ஆகவே அங்கே ஒரு சென்டிமீட்டர் வெளியே போனால் மட்டம் 4 மில்லிமீட்டர் ஏறும். பாதித் தொலைவில் தேவையும் பாதி, ஏற்றம் 2 மில்லிமீட்டர். மையத்தில் சாய்வே இல்லை.

சாய்வு இப்படி ஒரே சீராகக் கூடுவதால் சராசரிச் சாய்வு 0.2. அதை 10 சென்டிமீட்டரால் பெருக்கினால் மையத்துக்கும் ஓரத்துக்கும் 2 சென்டிமீட்டர் வித்தியாசம். பாதித் தொலைவில் சராசரி 0.1, தூரம் 5, ஏற்றம் அரை சென்டிமீட்டர்தான். தூரம் பாதியானால் உயரம் கால்: பரவளையம் என்பது இதுதான். கால்குலஸ் வேண்டியதே இல்லை. பழைய மட்டத்திலிருந்து மையம் 1 சென்டிமீட்டர் இறங்க, ஓரம் அதே 1 சென்டிமீட்டர் ஏறியிருக்கும். தண்ணீர் 9-லும் 11-லும் நிற்கும். வேகத்தை இரட்டிப்பாக்கினால் வித்தியாசம் நான்கு மடங்காகி 8 சென்டிமீட்டர்.

“எண்ணெயா இருந்தா?” என்றான் பையன். வடிவம் மாறாது. அடர்த்தியான திரவத்தைத் தள்ளக் கூடுதல் விசை வேண்டும். ஆனால் அதன் அழுத்தமும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறது. எண்ணெய் சுற்றத் தொடங்குவதுதான் வேறு வேகத்தில் நடக்கும்.

பாதரசத்துக்கும் இதே கணக்குத்தான். நைனிதால் அருகே தேவஸ்தலில், 2450 மீட்டர் உயரத்தில், ஆரியபட்டா ஆய்வு நிறுவனத்தின் இடத்தில் 4 மீட்டர் அகலத் திரவக் கண்ணாடித் தொலைநோக்கி இருக்கிறது. இந்தியா, பெல்ஜியம், கனடா சேர்ந்து கட்டியது. 2022 ஏப்ரலில் முதல்முறையாக வானத்தைப் பார்த்தது. அதன் கண்ணாடியே சுழலும் பாதரசம்தான், 8 நொடிக்கு ஒரு சுற்று. அந்த வேகத்தில் உண்டாகும் பரவளையத்தின் குவியத் தூரம் ஏறக்குறைய 8 மீட்டர். ஓரம் மையத்தைவிட வெறும் 12.5 சென்டிமீட்டர் உயரம். தட்டையான தொட்டியில் இந்த வடிவத்தை எடுக்க 10 டன்னுக்கு மேல் பாதரசம் வேண்டியிருக்கும். அதனால் தொட்டியையே முன்கூட்டிக் குழிவாகச் செய்துவிட்டு, மேலே சில மில்லிமீட்டர் படலமாக ஏறக்குறைய 50 லிட்டர் மட்டும் ஊற்றுகிறார்கள்.

வேகம் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினால் குவியம் 16 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். சுழற்சியால் எழும் காற்று அலை கிளப்பாமலிருக்க, மெல்லிய மைலார் தாளால் மூடுகிறார்கள். இதைவிடப் பெரிய கட்டுப்பாடு ஒன்று உண்டு: சாய்க்க முடியாது. அச்சு செங்குத்தாக இருந்தால்தான் இந்த வடிவம். ஆகவே அது தலைக்கு நேர் மேலே, நிலாவின் அகலத்தைவிடக் குறுகிய ஒரு பட்டையை மட்டும் பூமி சுழலச் சுழலப் படமெடுக்கிறது. மறுநாள் இரவும் ஏறக்குறைய அதே பட்டைதான். நேற்றைய படத்தை இன்றையதிலிருந்து கழித்தால், புதிதாக வெடித்த நட்சத்திரம் தனியாகத் தெரியும்.