இடத்தை மறுக்கலாம், உறவை முறிக்க வேண்டாம்

அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் உதவித்தொகையுடன் முனைவர் பட்ட ஆய்வுக்கு இடம் கிடைத்தும், குடும்பச் சூழலால் அந்த ஆண்டு செல்ல இயலாமல் போகிறவர்கள் உண்டு. பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியர் என்ற முறையில் அவர்களில் சிலரை நான் அறிவேன். மறுப்பதற்குத் தயங்கி, பதிலே எழுதாமல் இருந்துவிடுவதுதான் அவர்களில் பலர் செய்வது. மறுப்பைவிட இந்த மௌனமே பின்னாளில் பாதகமாகிறது.

அமெரிக்காவின் பட்டமேற்படிப்புப் பள்ளிகள் மன்றம் ஒரு தீர்மானத்தை நடைமுறையில் வைத்திருக்கிறது. அதில் கையொப்பமிட்ட பல்கலைக்கழகங்கள், நிதியுதவியுடன் அளிக்கும் இடத்துக்கு ஏப்ரல் 15-ஆம் தேதிக்கு முன்பே பதில் தருமாறு மாணவரை வற்புறுத்தக் கூடாது. இது மாணவருக்கான பாதுகாப்பே தவிர, அந்த நாள்வரை காத்திருக்கச் சொல்லும் கட்டாயமல்ல. மார்ச் மாதத்திலேயே ஒருவர் விலகினால், காத்திருப்போர் பட்டியலில் உள்ள இன்னொருவருக்கு அந்த வாய்ப்பு செல்லக்கூடும். துறையினர் நினைவில் வைத்துக்கொள்வது இதைத்தான்.

தந்தையின் சிகிச்சைக்காக ஊரிலேயே இருக்க வேண்டிய நிலையில் ஒரு மாணவி என்னிடம் வந்தார். சேர்க்கையை ஓராண்டு தள்ளிவைக்க முடியுமா என்று முதலில் கேட்கச் சொன்னேன். மறுத்த பிறகு இதைக் கேட்பதில் பயனில்லை. சேர்க்கையைத் தள்ளிவைத்தாலும் நிதியுதவிக்கு உறுதி தர இயலாது என்று துறை பதிலளித்தது. அதன் பின்னரே அவர் இணையதளத்தில் மறுப்பைப் பதிவு செய்தார். சேர்க்கைக் குழுத் தலைவருக்கும், வழிகாட்ட முன்வந்த பேராசிரியருக்கும் தனியே மின்னஞ்சல் அனுப்பினார்:

"தங்கள் துறை அளித்த இடத்துக்கும் நிதியுதவிக்கும் நன்றி. குடும்பத்தில் ஏற்பட்டுள்ள மருத்துவச் சூழலால் இந்த ஆண்டு சேர இயலாத நிலையில் இருக்கிறேன். எனவே இந்த இடத்தை ஏற்க இயலவில்லை. சூழல் சீரானதும் மீண்டும் விண்ணப்பிக்க விரும்புகிறேன்."

இக்கடிதத்தில் காரணம் ஒரே வாக்கியத்தில் முடிகிறது. மறுப்பு ஐயத்துக்கு இடமின்றி இருக்கிறது. மறு விண்ணப்பம் விருப்பமாகச் சொல்லப்படுகிறதே தவிர, இடத்தை ஒதுக்கி வைக்கும்படி கோரப்படவில்லை. அப்படிக் கோரினால், தர இயலாத உறுதிமொழியைத் தருமாறு துறையைச் சங்கடப்படுத்துவதாகும். வேறு பல்கலைக்கழகத்தில் சேர்வதற்காக மறுப்பவர் குடும்பக் காரணம் சொல்வதும் தகாது. ஒரே துறைப் பேராசிரியர்கள் ஒருவரையொருவர் அறிவார்கள். அடுத்த கருத்தரங்கிலேயே உண்மை வெளிப்படலாம்.

மறு விண்ணப்பம் பொதுவாகப் புதிய விண்ணப்பமாகவே பரிசீலிக்கப்படும். முன்பு கிடைத்த இடம் மீண்டும் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை. ஜிஆர்இ மதிப்பெண் ஐந்தாண்டுகள் செல்லும். டோஃபல் இரண்டே ஆண்டுகள்தான். ஆகவே இடைப்பட்ட காலத்தில் செய்த ஆய்வையும் பணியையும் புதிய விண்ணப்பத்தில் காட்ட வேண்டும். பரிந்துரைத்த ஆசிரியர்களுக்கும் மறுத்த செய்தியை உடனே தெரிவித்துவிடுங்கள். அடுத்த முறை கடிதம் எழுத வேண்டியவர்கள் அவர்கள்தாம்.