கையெழுத்து கடைசியில்தான்

டெண்டர் பிடிஎஃப்பில் கையெழுத்திட, டோக்கனை யுஎஸ்பியில் செருகி, அடோபி ரீடரில் `Digitally Sign` அழுத்தி, பக்கத்தில் கட்டம் வரைந்து, பெயரைத் தேர்ந்து, பின் எண்ணைத் தர வேண்டும். ரகசியச் சாவி டோக்கனைவிட்டு வெளியே வராது. கோப்பிலிருந்து கணக்கிடும் சுருக்கக் குறியீட்டுக்கு உள்ளேயே ஒப்பமிடும். ஒரே கையெழுத்து எல்லாப் பக்கங்களுக்கும் பொருந்தும். பக்கத்துக்குப் பக்கம் போடுவது பழைய பேனாப் பழக்கம்.

சிக்கல் பிறகுதான். ஜிஎஸ்டி சான்றைத் தனியே கையெழுத்திட்டு, அப்புறம் மற்ற தாள்களோடு இணைக்கிறார் ஒரு ஒப்பந்ததாரர். கோப்பு மாறியதால் ஒப்பம் செல்லாது. `Print to PDF` கொடுத்தாலோ வெறும் படம்தான் மிஞ்சும். அதைச் சொடுக்கினால் சான்றிதழ் விவரம் வராது. ஆகவே இணைப்பது, அளவைக் குறைப்பது எல்லாம் முடிந்தபின் ஒப்பமிடுங்கள். `Signature Panel` திறந்து, ஒப்பத்துக்குப்பின் கோப்பு மாறவில்லை என்று காட்டுகிறதா பார்த்துவிட்டுப் பதிவேற்றுங்கள்.