உள்ளே போன கேள்வி

‘டூ யூ நோ வேர் இஸ் தி பேங்க்?’ என்று கேட்கிறோம். சரியா? முன்பகுதியைக் கையால் மறைத்துவிட்டு மிச்சத்தைப் படியுங்கள். ‘வேர் இஸ் தி பேங்க்?’ தனியாகவே முழுக் கேள்வியாக நிற்கிறது. அப்படி நின்றால் உள்ளே அது தவறு. ‘டூ யூ நோ வேர் தி பேங்க் இஸ்?’ என்பதே சரி. எழுவாய் முன்னே, ‘இஸ்’ பின்னே.

‘டிட்’ வந்தால் கூடுதல் கவனம் தேவை. ‘வேர் டிட் ஹி கோ?’ உள்ளே போகும்போது ‘டிட்’ உதிர்ந்து, அது சுமந்த இறந்தகாலம் வினைச்சொல்லுக்கே திரும்புகிறது: ‘ஐ நோ வேர் ஹி வென்ட்.’

இந்தச் சோதனை ஓரிடத்தில் ஏமாற்றும். ‘ஹூ கேம்?’ என்பதில் ‘ஹூ’வே எழுவாய். இடம் மாற எதுவுமில்லை. ‘ஐ நோ ஹூ கேம்’ சரியே.