விளக்குப் புட்டியும் சேவல் புட்டியும்: கொலனோஸ்கோபிக்கு முன் குடலைச் சுத்தம் செய்யும் முறை

ஆசனவாய் வழியாகக் கேமரா பொருத்திய குழாயைச் செலுத்திப் பெருங்குடலின் உட்சுவரைப் பார்க்கும் பரிசோதனையே கொலனோஸ்கோபி ஆகும். குடலில் மலம் தங்கியிருந்தால் சிறு கட்டிகள் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதால், பாலிஎதிலீன் கிளைக்கால் என்னும் பேதிப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுக்கிறார்கள். பரிசோதனை காலை 10 மணிக்கு என்றும், கரைசல் 2 லிட்டர் என்றும் கொண்டால் நேர ஒழுங்கு பின்வருமாறு அமையும். மருத்துவமனை தரும் அளவும் நேரமும் வேறாக இருந்தால் அவற்றையே பின்பற்ற வேண்டும்.

இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கிக் குடலில் ஒட்டச் செய்வதால் ஒரு வாரம் முன்பே அதை நிறுத்தச் சொல்வது வழக்கம். ஆனால் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையையும் சர்க்கரை நோய்க்கான மருந்தையும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்துவதும் ஆபத்து, கேட்காமல் தொடர்வதும் ஆபத்து. சிறுநீரக நோயோ இதய நோயோ உள்ளவர்கள் பொடியை வாங்கும்போதே அதைச் சொல்லிவிட வேண்டும். மூன்று நாள் முன்பிருந்து கீரை, கொய்யா, தக்காளி போன்ற நாரும் விதையும் உள்ளவற்றைத் தவிர்க்க வேண்டும்.

முந்தைய நாள் காலையில் இட்லி போன்ற எளிய உணவை உண்டபின், இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பால் சேர்க்காத தேநீர் என அடி தெரியும் பானங்களை மட்டுமே குடிக்கலாம்; இரத்தம் போலத் தோன்றும் சிவப்புப் பானம் கூடாது. கரைசலை இரண்டு ஒரு லிட்டர்ப் புட்டிகளில் நிரப்பி, ஒன்றில் விளக்கும் மற்றதில் சேவலும் வரைந்து வைத்தால், எழுதப்படிக்கத் தெரியாதவரும் மாலை 6 மணிக்கு உரியதையும் விடியற்காலை 5 மணிக்கு உரியதையும் குழப்பிக்கொள்ள மாட்டார். மாலை 6 மணிக்கு விளக்குப் புட்டியைத் தொடங்கி, கால் மணிக்கு ஒரு முறை கால் லிட்டர் வீதம் குடித்து முடிக்க வேண்டும்.

விடியற்காலை 5 மணிக்குச் சேவல் புட்டியைத் தொடங்கி 6 மணிக்குள் முடிக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான்: இரவே நன்றாகப் போய்விட்டது என்று எண்ணி இதை விட்டுவிடுகிறார்கள். ஆனால் இரவு முழுவதும் சிறுகுடலிலிருந்து வடியும் பித்தமும் சளியும் பெருங்குடலின் வலப்பகுதியில் படிந்துவிடுவதால், விடியலில் குடிக்கும் இரண்டாம் பாதியே அதைக் கழுவுகிறது. 8 மணிக்குப் பிறகு தண்ணீரும் கூடாது. மயக்க மருந்தின்போது வயிற்றிலுள்ள நீர் நுரையீரலுக்குள் போய்விடக்கூடும்.

வாந்தி வந்தால் அரை மணி நேரம் நிறுத்திவிட்டு மெதுவாகத் தொடரலாம். வாந்தி நிற்காமல், மலமும் போகாமல், வயிறு உப்பி வலித்தால் குடல் அடைப்பாக இருக்கலாம் என்பதால் குடிப்பதை விட்டுவிட்டு உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடைசியாகப் போவது சிறுநீரைப் போல மஞ்சளாகத் தெளிந்திருந்தால் குடல் தயார். கலங்கலாகவோ பழுப்பாகவோ இருந்தால் மயக்க மருந்து கொடுக்கும் முன்பே செவிலியரிடம் சொல்ல வேண்டும். அறிவுரைகளைத் தம் மொழியில் கேட்டு, கேட்டதைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்கவும், குடல் எந்த அளவு சுத்தமாக இருந்தது, பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டுமா என்பவற்றை அறிக்கையில் எழுதித் தரக் கோரவும் நோயாளிக்கு உரிமை உண்டு.