ஒரு சுற்று முந்துவது எப்போது?

10,000 மீட்டர் ஓட்டம் என்றால் 400 மீட்டர் தடத்தில் 25 சுற்று. முன்னால் ஓடுபவர் கிலோமீட்டருக்கு 3 நிமிடம், பின்னால் வருபவர் 3 நிமிடம் 20 விநாடி எடுக்கிறார்கள் என்று வையுங்கள். சுற்றுக்கு முறையே 72, 80 விநாடி. முன்னவர் பின்னவரை எப்போது ஒரு சுற்று முந்துவார்?

இருவரும் ஓடும் மொத்தத் தூரம் இங்கே முக்கியமில்லை, இடைவெளிதான் முக்கியம். அது சரியாக 400 மீட்டர் ஆகும்போது முன்னவர் பின்னவரின் முதுகுக்கு வந்துவிடுவார். முன்னவர் ஒவ்வொரு சுற்றிலும் 8 விநாடி மிச்சம் பிடிக்கிறார். பின்னவரின் ஒரு முழுச் சுற்று நேரமான 80 விநாடியை மிச்சம் பிடிக்க அவருக்கு 10 சுற்று வேண்டும். 10 × 72 = 720 விநாடி, அதாவது 12 நிமிடம். அப்போது பின்னவர் 9 சுற்றுதான் முடித்திருப்பார்.

பலர் 72-ஐ 8-ஆல் வகுத்து 9 என்கிறார்கள். அது பின்னவரின் சுற்றுக் கணக்கு. அதை 80-ஆல் பெருக்கினாலும் அதே 720தான் வரும். 9-ஐ 72-ஆல் பெருக்கினால்தான் தப்பு.

வேகம் மாறினால் இந்தக் கணக்கும் மாறும். வளைவில் ஒரு மீட்டர் வெளியே விலகி முந்தினால், அந்த வளைவுக்கு மட்டும் சுமார் 3 மீட்டர் கூடுதல்.

வேகம் மாறாவிட்டால், முன்னவர் 24-ஆவது நிமிடத்தில் மறுபடி முந்துவார். மூன்றாவது முறைக்கு 36 நிமிடம் ஆக வேண்டும். முன்னவரோ 30 நிமிடத்தில் ஓட்டத்தை முடித்துவிடுகிறார்.